ஓடும் உடலும் ஒத்துழைக்காத குடலும்

நெடுந்தொலைவு ஓடுபவர்கள், மிதிவண்டி மிதிப்பவர்கள், உடற்பயிற்சிக் கூடத்திற்கு நாள்தோறும் செல்பவர்கள் ஆகியோரின் வயிற்றுத் தொல்லைகளை ஆராயும்போது, காரணத்தாலும் தீர்வாலும் வேறுபட்ட இரண்டு நிலைகள் ஒரே பெயரில் கலந்து பேசப்படுவதைக் காணலாம். ஒன்று, உடல் கடுமையாக உழைக்கும் வேளையில் மட்டும் தோன்றி, ஓய்வெடுத்த சில மணி நேரத்திலோ மறுநாளிலோ அடங்கிவிடும் குடல் கலக்கம். மற்றொன்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாரந்தோறும் திரும்பத் திரும்ப வரும் வயிற்று வலியும் மலப்போக்கின் மாறுபாடும் சேர்ந்த குடல் எரிச்சல் நோய். இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்தும் இருக்கக்கூடும் என்பதால், எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியாமல் உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்குபவர், பல மாதங்கள் கழித்தும் தொல்லை தீராமல், உண்ணத் தகுந்தவற்றின் பட்டியல் மட்டும் சுருங்கிப்போன நிலையில் மருத்துவரிடம் வந்து சேர்கிறார். அவ்விரண்டையும் பிரித்தறியும் முறையும், அதன்பின் உணவை விலக்கிச் சோதிக்கும் ஒழுங்கும், அந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பே மருத்துவரை நாட வேண்டிய நிலைகளும் இச்சொற்பொழிவின் பொருளாகும்.

குடல் எரிச்சல் நோய் என்னும் பெயரில் உள்ள எரிச்சல், நெஞ்செரிச்சலில் உணரப்படும் எரிவைக் குறிப்பதன்று. சிறிது சீண்டினாலும் பொறுக்காத இயல்பையே அது குறிக்கிறது. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் 2016ஆம் ஆண்டின் ரோம் வரையறையின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்திற்கு ஒரு நாளேனும் வயிற்று வலி வந்திருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலி கூடுதல் அல்லது குறைதல், மலம் கழிக்கும் தடவைகள் மாறுதல், மலத்தின் கெட்டித்தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டேனும் உடனிருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு வயிற்றுப்போக்கு மிகுந்தும், சிலருக்கு மலச்சிக்கல் மிகுந்தும், சிலருக்கு இரண்டும் மாறி மாறியும் இந்நோய் அமைகிறது. உள்நோக்கிக் கருவியால் பார்த்தால் குடலின் உட்சுவரில் புண்ணோ வீக்கமோ தென்படாது என்பதால் இதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது நோயாளிக்கு இழைக்கப்படும் பெரும் அநீதியாகும், ஏனெனில் கோளாறு குடலின் தோற்றத்தில் இல்லாவிட்டாலும் அதன் உணர்திறனிலும் இயக்கத்திலும் உண்மையாகவே இருக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நொதிக்கும் தன்மையுள்ள சர்க்கரைப் பொருளை நோயாளிகளுக்கும் நலமானவர்களுக்கும் குடிக்கக் கொடுத்து, காந்த அதிர்வுப் படக்கருவியால் வயிற்றைப் படம் பிடித்தபோது, பெருங்குடலில் சேர்ந்த வாயுவின் அளவு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆயினும் வலியும் உப்புசமும் நோயாளிகளுக்கே மிகுதியாக இருந்தன. வாயு எல்லார் வயிற்றிலும் உண்டாவதுதான், அதனால் குடல் விரிவதும் எல்லாருக்கும் நிகழ்வதுதான், ஆனால் அந்த விரிவை வலியாக உணரும் நரம்புகளின் கூர்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. உணவை மாற்றுவதால் நரம்பின் அந்தக் கூர்மை குணமாவதில்லை, குடல் விரியும் அளவு மட்டுமே குறைகிறது என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்வது நல்லது, ஏனெனில் உணவு மாற்றத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

உடலுழைப்பு குடலை என்ன செய்கிறது என்பது அடுத்து வரும் கேள்வி. கடுமையாக ஓடும்போது இதயம் தன் ரத்தத்தைக் கால் தசைகளுக்கும், வெப்பத்தை வெளியேற்றும் பொருட்டுத் தோலுக்கும் திருப்பிவிடுவதால், வயிற்று உறுப்புகளுக்குச் செல்லும் ரத்தம் உச்ச உழைப்பில் ஐந்தில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடுகிறது. ரத்தம் குறைந்த குடற்சுவரின் மேலணுக்கள் சிதைவுற்று, இறுக்கமாக இருக்க வேண்டிய தடுப்பு சற்றே தளர்ந்து, செரிமானமும் உறிஞ்சுதலும் மந்தமாகின்றன. அந்நேரத்தில் உள்ளே செல்லும் இனிப்புக் கூழோ பழச்சாறோ உறிஞ்சப்படாமல் தேங்கி, நீரை இழுத்து, கலக்கத்தை உண்டாக்குகிறது. பெருமளவில் இந்நிலை தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொடர் உழைப்பு வேண்டியிருக்கிறது என்றாலும், வெயிலும் நீரிழப்பும் சேரும்போது அது விரைவிலேயே வந்துவிடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் வயிறு குலுங்குவதால் மிதிவண்டி மிதிப்பவரைவிட ஓடுபவருக்கே தொல்லை கூடுதலாக இருப்பதையும் காணலாம். முழங்கால் வலிக்கு அஞ்சி ஓட்டத்திற்கு முன்பாக இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கும் பழக்கம் ஓட்டக் குழுக்களில் பரவலாக இருக்கிறது. அம்மாத்திரைகள் ஏற்கெனவே ரத்தம் வற்றிய குடற்சுவரை மேலும் புண்படுத்துபவை என்பதால், வயிற்றுத் தொல்லை உள்ளவர் முதலில் கைவிட வேண்டியது வெங்காயத்தையோ பாலையோ அல்ல, இந்த மாத்திரையைத்தான்.

இவற்றைக் கேட்டு ஓட்டத்தையே விட்டுவிட வேண்டுமோ என்று அஞ்சத் தேவையில்லை. சுவீடனில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், குடல் எரிச்சல் நோயாளிகளில் ஒரு பகுதியினர் 12 வாரங்கள் தங்கள் உடலுழைப்பை மிதமாகக் கூட்டினர். பழைய வழக்கத்தை மாற்றாதிருந்தவர்களைவிட அவர்களுடைய தொல்லைகள் தெளிவாகக் குறைந்தன. அளவான உழைப்பு குடலுக்கு மருந்தாகிறது. நீண்ட கடும் உழைப்பே அதற்குச் சோதனையாகிறது.

ஆகவே பிரித்தறிதல் முதலில் நடக்க வேண்டும், அதற்கு ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரங்களுக்கு, உண்டதும் குடித்ததும் அவற்றின் நேரமும் ஒரு பத்தியிலும், பயிற்சியின் நேரமும் தூரமும் வேகமும் இரண்டாவது பத்தியிலும், வலி, உப்புசம், மலம் கழித்த தடவை, மலத்தின் வடிவம் ஆகியவை மூன்றாவது பத்தியிலும் எழுதப்பட வேண்டும். மலத்தின் வடிவத்தைக் குறிக்க, பிரிஸ்டல் அளவுகோல் என்னும் ஏழு படி வரிசையை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ஆட்டுப் புழுக்கை போன்று உருண்டு கெட்டிப்பட்டது முதற்படி, முழுவதும் நீராய்ப் போவது ஏழாம் படி, வழுவழுப்பாய் நீண்டு வருவது இயல்பான நான்காம் படி. இந்த எண்களை எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஏனெனில் வயிறு சரியில்லை என்னும் பொதுவான முறையீட்டைவிட அந்த எண்களே மருத்துவருக்குத் தெளிவாகப் பேசுகின்றன. இரண்டு வாரம் முடிந்ததும், தொல்லை பயிற்சி நாள்களில் மட்டும் வருகிறதா, ஓய்வு நாள்களிலும் வருகிறதா என்று பார்த்தாலே பாதி வழி கடந்ததாகும்.

உணவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் உருவாக்கி, 2005இல் ஃபாட்மேப் என்று பெயர் சூட்டிய கருத்தே இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத, சிறு சங்கிலிகளாலான மாவுச்சத்துகளின் தொகுப்புப் பெயர் அது. அவை தம்முடன் நீரைச் சிறுகுடலுக்குள் இழுத்துக்கொண்டு போய், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகி, வாயுவாக மாறுகின்றன. நீரும் வாயுவும் சேர்ந்து குடலை விரிக்க, கூர்மையான நரம்புள்ளவர் அதை வலியாக உணர்கிறார். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃப்ரக்டான், பருப்பு பயறு வகைகளிலும் முந்திரியிலும் உள்ள காலக்டான், பாலில் உள்ள லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் குளுக்கோஸைவிட மிகுந்து நிற்கும் ஃப்ரக்டோஸ், காளானிலும் சர்க்கரையில்லா மிட்டாய்களிலும் உள்ள பாலியால் என்னும் சர்க்கரை ஆல்கஹால்கள் ஆகிய ஐந்தும் இத்தொகுப்பைச் சேர்ந்தவை. இவை நச்சுப் பொருள்கள் அல்ல. நலமான குடலுக்கு இவற்றில் பல நன்மை செய்பவை. தொல்லை அளவைப் பொறுத்தது, அதுவும் ஒரே வேளையில் பல சேர்ந்து வருவதைப் பொறுத்தது.

தமிழ்ச் சமையலறையில் இந்த ஐந்தில் மிகுந்த இடம் பிடித்திருப்பது ஃப்ரக்டான்தான் என்பதால் அதைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது தகும். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சின்ன வெங்காயம் போட்டுக் கொதித்த சாம்பாரில் வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்து உண்பவர், தாம் வெங்காயமே உண்ணவில்லை என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் கொதிக்கும்போதே அதன் ஃப்ரக்டான் குழம்பில் இறங்கிவிட்டது. பூண்டு ரசத்தில் பூண்டை ஒதுக்கினாலும் இதே கதைதான். இதற்கு மாறாக, நல்லெண்ணெயில் முழுப் பூண்டுப் பற்களைப் பொன்னிறமாக வதக்கி, பற்களை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வந்து சேர்கிறது, ஃப்ரக்டான் வருவதில்லை. அந்த எண்ணெயை அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும், சேமித்து வைக்கக் கூடாது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் வெங்காயத்தின் குறையை ஓரளவு நிரப்பும். காலக்டானும் நீரில் கரைவதே ஆதலால், கொண்டைக்கடலையையோ பயறையோ இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைப்பதால் அதன் அளவு குறைகிறது. நம் வீடுகளின் பழைய வழக்கம் இங்கே அறிவியலோடு ஒத்துப்போகிறது.

உடற்பயிற்சி செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய சில பொருள்கள் உண்டு. புரதத்தூள் என்று விற்கப்படும் மோர்ப்புரதத்தில், செறிவூட்டியது என்று எழுதியிருப்பதில் லாக்டோஸ் கணிசமாக இருக்கும், பிரித்தெடுத்தது என்று எழுதியிருப்பதில் மிகக் குறைவாக இருக்கும். சர்க்கரை சேர்க்காதது என்று விளம்பரம் செய்யப்படும் புரதக் கட்டிகளின் பொட்டலத்தைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் 420, 421, 965, 967 என்னும் எண்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை முறையே சார்பிட்டால், மானிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் என்னும் பாலியால்களின் எண்களாகும். நார்ச்சத்து என்ற பெயரில் சேர்க்கப்படும் இனுலின் என்பதும் ஃப்ரக்டானே. ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்களைப் பொறுத்தவரை, குடல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 கிராம் குளுக்கோஸை மட்டுமே உள்வாங்க வல்லது. அதற்கு மேல் வேண்டுவோர் ஃப்ரக்டோஸ் கலந்த கூழை நாடுகின்றனர், ஆனால் ஃப்ரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவே பாதி வழியில் கழிவறை தேட வைக்கிறது. எந்தக் கூழையும் போதிய நீரோடு உட்கொள்வதும், போட்டி நாளன்று முதன்முதலாகச் சோதிக்காமல் பயிற்சி வாரங்களிலேயே சிறிது சிறிதாகக் குடலைப் பழக்குவதும் பயன் தருபவை.

இங்கே கோதுமையின் புரதமாகிய குளூட்டனைப் பற்றி ஒரு சொல். விளையாட்டு வீரர்களிடையே குளூட்டனை விலக்குவது ஒரு மோகமாகவே பரவியிருக்கிறது. சீலியாக் நோய் இல்லாத 13 மிதிவண்டிப் போட்டியாளர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், குளூட்டனை விலக்கியதால் போட்டித் திறனிலோ வயிற்று நிலையிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. கோதுமை ஒத்துக்கொள்வதில்லை என்று தாமே முடிவு செய்திருந்த 59 பேரிடம் நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், தொல்லை கொடுத்தது குளூட்டன் அன்று, கோதுமையின் ஃப்ரக்டானே என்று தெரிந்தது. ஆகவே கோதுமையை விட்டதும் வயிறு அமைதியானால், அதைக் கொண்டு குளூட்டனைக் குற்றம் சாட்டுவது அவசர முடிவாகும்.

இவை நடைமுறையில் எவ்வாறு ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை விளக்க, நோயாளிகளிடம் பொதுவாகக் காணப்படும் போக்குகளை ஒருவரிடத்தில் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளலாம். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 34 வயதுப் பெண் ஒருவர், மாரத்தானுக்காக வாரத்தில் நான்கு நாள்கள் ஓடுகிறார். ஞாயிறு அதிகாலையில் 20 கிலோமீட்டர். அந்த ஞாயிறு ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் வயிறு முறுக்கிக்கொண்டு வருகிறது. வார நாள்களிலோ, மாலை நான்கு மணிக்கு மேல் வயிறு உப்பி, இடுப்புப் பட்டையைத் தளர்த்தும் நிலை ஏற்படுகிறது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மூன்று முறை கழிவறை செல்ல வேண்டியிருக்கிறது. மலம் கழித்ததும் வலி தணிகிறது. இது ஏறத்தாழ ஓராண்டாக நடக்கிறது.

அவருடைய இரண்டு வார நோட்டைப் புரட்டினால் இரு வேறு கதைகள் வெளிப்படுகின்றன. சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குச் சப்பாத்தியும் கொண்டைக்கடலைக் குருமாவும். ஞாயிறு நாலரை மணிக்குப் பாலில் கலந்த பெரிய டம்ளர் காபி, தோலில் கரும்புள்ளி விழுந்த கனிந்த வாழைப்பழம், நான்கு பேரீச்சம்பழம், ஒரு வலிநிவாரணி மாத்திரை. ஓட்டத்தின் நடுவில் நீரில்லாமல் இனிப்புக் கூழ். வார நாள்களில், ஓடிய நாளிலும் ஓடாத நாளிலும் ஒரே மாதிரியாக மாலை உப்புசம். முதல் கதை உழைப்போடு தொடர்புடையது, இரண்டாவது உழைப்பைப் பொருட்படுத்தாதது. எனவே முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாற்றப்படுகிறது. முந்தைய இரவு உணவு ஏழரை மணிக்குள் சோறும் சிறிது தயிரும் உருளைக்கிழங்குப் பொரியலுமாகிறது, மாத்திரை நிறுத்தப்படுகிறது, காபி சிறிய அளவில் பால் குறைத்து, ஓட்டத்திற்கு ஒரு மணி நேரம் முன்பே குடிக்கப்பட்டு, அது தூண்டும் மலப்போக்கு வீட்டிலேயே முடிகிறது, பேரீச்சைக்குப் பதிலாக இரண்டு இட்லி, கூழ் நீரோடு. மூன்று ஞாயிறுகளில் ஓட்டத்தின் முறுக்கல் பெரும்பாலும் அடங்குகிறது. வார நாள் உப்புசம் அப்படியே இருக்கிறது, அது இருக்கத்தான் செய்யும்.

விலக்கல் சோதனையைத் தொடங்குவதற்கு முன் அவர் மருத்துவரிடம் செல்கிறார். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் சோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவு ஆகியவை பார்க்கப்படுகின்றன. இந்தக் கடைசிச் சோதனை, குடற்சுவரில் உண்மையான அழற்சி இருக்கிறதா என்று காட்டுவதாகும். எல்லாம் இயல்பாக இருப்பதால் குடல் எரிச்சல் நோய் என்று முடிவு செய்யப்பட்டு, உணவியல் நிபுணரின் துணையோடு விலக்கல் தொடங்குகிறது.

முதற்கட்டம் நான்கு வாரங்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, முந்திரி, கொண்டைக்கடலை, சாதாரணப் பால், மாம்பழம், தர்பூசணி, காளான் ஆகியவை நிற்கின்றன. சோறு, இட்லி, கேரட், கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணி, முட்டை, மீன், கோழி, கொய்யா, பப்பாளி, லாக்டோஸ் நீக்கிய பால் ஆகியவை தொடர்கின்றன. துவரம்பருப்பு முற்றிலும் நிற்காமல், வேகவைத்து இறுத்து, சிறு கரண்டி அளவாகக் குறைகிறது. நோட்டு எழுதுவது நிற்பதில்லை. மூன்றாம் வாரத்தில் உப்புசம் கணிசமாகக் குறைகிறது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர்: வயிறு அமைதியானதும், இதுவே இனி வாழ்நாள் உணவு என்று முடிவு கட்டிவிடுகின்றனர். முதற்கட்டம் ஒரு கேள்வி மட்டுமே, விடை இரண்டாம் கட்டத்தில்தான் கிடைக்கும்.

இரண்டாம் கட்டத்தில் அடிப்படை உணவு அப்படியே இருக்க, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகை மட்டும் மூன்று நாள்கள் அளவைக் கூட்டிக் கூட்டிச் சோதிக்கப்படுகிறது. பிறகு இரண்டு மூன்று நாள்கள் இடைவெளி விட்டு அடுத்தது. பாலை முதல் நாள் கால் டம்ளர், அடுத்த நாள் அரை டம்ளர், மூன்றாம் நாள் முழு டம்ளர் குடிக்கிறார். முழு டம்ளரில்தான் வயிறு இரைகிறது, காபிக்கு ஊற்றும் அளவு ஒன்றும் செய்யவில்லை. தென்னிந்தியரில் மிகப் பலருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் இது எதிர்பார்க்கத் தக்கதே. கோதுமையில் ஒரு சப்பாத்தி பொறுக்கிறது, மூன்று பொறுக்கவில்லை. கொண்டைக்கடலை ஊறவைத்து வேகவைத்தது கால் கோப்பை பொறுக்கிறது. மாம்பழம் இரண்டு துண்டுகளில் தொல்லையில்லை. வெங்காயம் ஒரு தேக்கரண்டியிலேயே அன்று மாலை உப்புகிறது. பூண்டு அரைப்பல்லிலும் அவ்வாறே. வெங்காயத்தையும் பூண்டையும் கோதுமையையும் ஃப்ரக்டான் என்ற ஒரே பெயரில் சேர்த்துச் சோதிக்காமல் தனித்தனியாகச் சோதித்ததன் பயன் இங்கே தெரிகிறது. இந்தச் சோதனை வாரங்களில் பயிற்சியின் தூரத்தைக் கூட்டாமல் ஒரே சீராக வைத்துக்கொள்வது இன்றியமையாதது. புதிய உணவையும் புதிய தூரத்தையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால் எது எதற்குக் காரணம் என்று நோட்டும் சொல்லாது.

முடிவில் அவருடைய மாற்றம் சிறியது: வீட்டுச் சாம்பாரில் வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாள், பூண்டுக்குப் பதில் பூண்டு வதக்கிய எண்ணெய், சப்பாத்தி இரண்டுக்கு மேல் இல்லை. மற்றவை எல்லாம் தட்டுக்குத் திரும்பிவிட்டன. வெளியே உண்ணும் நாளில் வெங்காயம் தவிர்க்க முடியாவிட்டால் அன்று மாலை உப்பும் என்பது தெரியும், அது ஆபத்தில்லை என்பதும் தெரியும்.

விலக்கல் எல்லாருக்கும் பலனளிப்பதில்லை. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால், இன்னும் எதையாவது விலக்க வேண்டும் என்று எண்ணாமல், விலக்கியவற்றைத் திரும்பக் கொண்டுவந்து, வேறு வழி தேட வேண்டும். தண்ணீரில் ஊறிக் கொழகொழப்பாகும் இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து பலருக்கு உதவுகிறது, கோதுமைத் தவிடு சிலருக்குத் தொல்லையைக் கூட்டுகிறது. நரம்பின் கூர்மையைத் தணிக்கக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தும், அறிதல் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுச் சிகிச்சையும் சான்றுள்ளவை. இவை மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியவை. நீண்ட காலம் கண்டிப்பான விலக்கலில் இருந்தால் குடலின் நன்மை தரும் பைஃபிடோ நுண்ணுயிர்கள் குறைவதும் அறியப்பட்டுள்ளது.

உழைக்கும் உடலுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு, அது பேசப்படுவது குறைவு. நாளெல்லாம் ஓடியும் போதிய அளவு உண்ணாதவரின் உடல் தன் செலவுகளைச் சுருக்கிக்கொள்ளும்போது குடலின் இயக்கமும் மந்தமாகி, மலச்சிக்கலும் உப்புசமும் தோன்றுகின்றன. அதை உணவு ஒவ்வாமை என்று தவறாகப் புரிந்துகொண்டு மேலும் உணவைக் குறைப்பவர், தொல்லையின் காரணத்தையே வளர்க்கிறார். மாதவிலக்கு தவறுதல், எலும்பில் அழுத்த முறிவு, இடைவிடாச் சோர்வு ஆகியவை உடனிருந்தால் விலக்கல் சோதனையைத் தொடங்கவே கூடாது. எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநிலை உடையவர்கள், கருவுற்றவர்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோரும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

எப்போது மருத்துவரிடம் செல்வது என்பதற்கு விடை தெளிவானது. மலத்தில் ரத்தம், தார் போன்ற கரிய மலம், முயற்சி செய்யாமலே எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை, விடாத வாந்தி, வயிற்றில் கட்டி போன்று தட்டுப்படுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது குடல் எரிச்சல் நோய் என்று முடிவு செய்ய இடமில்லை. 45 அல்லது 50 வயதைக் கடந்தபின் முதன்முதலாகத் தோன்றும் மலப்போக்கு மாறுதலும், பெற்றோர் உடன்பிறந்தோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்திருப்பதும் இதே வரிசையைச் சேர்ந்தவை. 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக விடாத உப்புசம் தோன்றினால் சினைப்பையையும் சோதிக்க வேண்டும். இந்தியாவில் குடலைத் தாக்கும் காசநோய் இன்னும் காணப்படுவதால், மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த வயிற்று வலியை உணவால் வந்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஓடுபவர்கள் இவ்வடையாளங்களைத் தம் பயிற்சியோடு இணைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நிலை அடிக்கடி நேர்கிறது. எடை குறைந்தால் பயிற்சியால், ரத்தசோகை வந்தால் ஓட்டத்தால், மலத்தில் ரத்தம் கண்டால் நீண்ட தூரத்தால் என்று காரணம் கையிலேயே இருக்கிறது. நீண்ட ஓட்டத்திற்குப்பின் குடலில் சிறு ரத்தக் கசிவு ஏற்படக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது ஓட்டத்தால் வந்தது என்று முடிவு சொல்லும் உரிமை, மற்ற காரணங்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவருக்கே உண்டு. இறுதியாக, சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டவரின் ரத்தத்தில் சீலியாக் நோயின் எதிர்ப்பொருள் மறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அவர் மீண்டும் ஆறு வாரம் கோதுமை உண்டு திரும்ப வர வேண்டியிருக்கும். ஆகவே வயிற்றுத் தொல்லையுள்ள ஒவ்வொருவரும் முதற்சப்பாத்தியை ஒதுக்குவதற்கு முன்பே அந்த ரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.